எழுத்தில் காற்புள்ளி, பேச்சில் எரோ

மார்ச் 8, சனி. லியோன், பிரான்ஸ்

க்ருவா ரூஸ் மேட்டுச் சந்தைக்கு முதல் தடவை போனேன். தக்காளிக்கு மேலே சின்னப் பலகையில் 2,80 € என்று எழுதியிருந்தது. நாம் புள்ளி வைக்கிற இடத்தில் இவர்கள் காற்புள்ளி வைக்கிறார்கள். கண்ணுக்கு அது உடனே பழகிவிட்டது, வாய்தான் தடுக்கியது. காற்புள்ளியை ‘விர்கூல்’ என்று வகுப்பில் படித்திருந்தேன். அதனால் ‘தெ விர்கூல் கத்ரவான்’ என்று பெருமையாக வாசித்தேன். கடைக்கார அம்மா சிரிக்காமல் திருத்தினார்: ‘தெஸெரோ கத்ரவான்.’

யூரோவைப் பிரெஞ்சில் எரோ என்கிறார்கள். விலை சொல்லும்போது காற்புள்ளியின் இடத்தில் அந்த எரோ என்ற சொல்லே வந்து உட்கார்ந்துகொள்கிறது. யூரோவில் நூறில் ஒரு பங்கு சாந்தீம், கடைசியில் அதைக்கூடச் சொல்வதில்லை. யூரோவே இல்லாமல் 0,80 என்று இருந்தால்தான் ‘கத்ரவான் சாந்தீம்’. காசின் மேல் மட்டும் ‘EURO CENT’ என்று பொறித்திருக்கிறது. ஆனால் பிரெஞ்சில் அந்த cent என்பதை ‘சோன்’ என்று படித்தால் நூறு என்று பொருள். சாந்தீம் என்றே இவர்கள் சொல்வது வசதிதான்.

மார்ச் 11, செவ்வாய்

விலை கேட்பதற்கு நான் ஒரே வாக்கியம்தான் வைத்திருந்தேன். சந்தையில் நின்று கவனித்தால் இடத்துக்கு ஒன்று இருக்கிறது. நாளுக்கு நாள் மாறும் காய், பழம் என்றால் ‘சேத்தா கோம்பியான்’, அதாவது இன்றைக்கு என்ன விலைக்குப் போகிறது. எல்லாம் பையில் போட்ட பிறகு மொத்தம் கேட்க ‘சா ஃபே கோம்பியான்’. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ‘போன்ஜூர்’ வணக்கம் கட்டாயம். அது இல்லாமல் நேரே விலை கேட்டவனுக்கு, அதாவது எனக்கு, பதில் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

மார்ச் 15, சனி

பாலாடைக்கட்டி கிலோ 24,90. ஒரு துண்டு வெட்டித் தராசில் வைத்தார்கள். சீட்டில் 0,320 kg என்று வந்தது, 320 கிராம். விலை 7,97. அவர் சொன்னது ‘செத் எரோ கத்ரவான் தீசெத்’.

என் காதில் விழுந்தவை வரிசையாக 7, 4, 20, 10, 7. நாலு என்று கேட்டதுமே மனசுக்குள் 7,4 என்று எழுதிவிட்டேன். அப்புறம் இருபது வந்தது, அடித்து 7,24 என்று திருத்தினேன். அதற்குள் அவர் அடுத்தவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நாலு இருபது எண்பது, அதோடு பத்தும் ஏழும் சேர்ந்து தொண்ணூற்றேழு. எரோவுக்குப் பின்னால் ‘கத்ர்’ என்று கேட்டால் எழுதாமல் காத்திருக்க வேண்டும், அடுத்து ‘வான்’ வருகிறதா என்று. அறுபதான ‘சுவாசோந்த்’ கேட்டாலும் அப்படித்தான். பின்னால் ‘தீஸ்’ வந்தால் அது எழுபதாகிவிடும்.

நமக்கு இதில் சிரிக்க உரிமையில்லை. தொண்ணூறுக்குள் ஒரு நூறை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைக் குழப்புகிறவர்கள்தானே நாம்.

எட்டு யூரோ கொடுத்தேன், மூன்று சாந்தீம் திரும்பி வந்தது.

மார்ச் 22, சனி

தேன் பாட்டிலுக்கு இரண்டு யூரோக் காசை நீட்டினேன். விற்றவர் காசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விலை பன்னிரண்டு. தனியாகச் சொன்னால் இரண்டு ‘தெ’, பன்னிரண்டு ‘தூஸ்’ என்று வேறாகவே கேட்கும். எரோ உயிரெழுத்தில் தொடங்குவதால் ‘தெ’யின் வாலிலும் ஒரு ஸகரம் சேர்ந்து ‘தெஸெரோ’, ‘தூஸெரோ’ ஆகிவிடுகிறது. மிச்சமிருக்கும் வித்தியாசம் ஒரே ஓர் உயிர் ஒலி. மூன்றுக்கும் பதின்மூன்றுக்கும் இதே தொல்லைதான்: ‘த்ருவாஸெரோ’, ‘த்ரேஸெரோ’. தேன் அந்த விலைக்கு வராது என்று யோசித்திருந்தாலே போதும், காதை நம்பியிருக்க வேண்டாம்.

மார்ச் 27, வியாழன்

வீட்டு முன்பணத்துக்குக் காசோலை எழுதினேன். எண்ணில், பழக்கதோஷத்தில், 1,250 என்று போட்டுவிட்டேன். இங்கே அது ஒன்றேகால் யூரோ. ஆயிரத்தைப் பிரிக்க இவர்கள் இடைவெளி விடுகிறார்கள்: 1 250,00. நல்லவேளையாக எழுத்தில் ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்று சரியாகவே எழுதியிருந்தேன். எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் இருக்கும் தொகைதான் செல்லும் என்பது பிரெஞ்சுச் சட்டம். ஆனாலும் வாங்கிக்கொண்ட அம்மா வேறு காசோலை எழுதித் தரச் சொன்னார். சரி, நியாயம்தான்.

மார்ச் 29, சனி

முள்ளங்கி கட்டு 2,10. இரண்டு கட்டு எடுத்தேன். ‘சா ஃபே கோம்பியான்?’

‘கத்ர் எரோ வான்.’

நாலும் இருபதும்தான், ஆனால் நடுவில் எரோ இருந்தது. ‘கத்ரவான் ஸெரோ’ என்று கடைசியில் வந்திருந்தால் எண்பது. நாலு யூரோவும் ஒரு இருபது சாந்தீம் காசும் எண்ணிக் கொடுத்தேன். மேலே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டார்.