முறுக்கு விலை குறைந்த வாரம்

செப்டம்பர் 8

கடலை எண்ணெய் இனி மில்லிலிருந்து நேராக வருகிறது. இதுவரை காரைக்குடியிலேயே ஒரு மொத்த வியாபாரியிடம் வாங்கினோம். ஐந்து டின், ஆறு டின் என்று கேட்டபோதெல்லாம் வாசலில் இறக்குவார், பணம் 45 நாள் கழித்துக் கொடுத்தால் போதும். இப்போது கையில் கொஞ்சம் பணம் இருப்பதால் 20 டின்னாக ரொக்கத்துக்கு எடுத்து நாங்களே டெம்போவில் ஏற்றி வருகிறோம். 15 கிலோ டின் 3,300 ரூபாய்க்கு வாங்கியது, வண்டி வாடகையும் சேர்த்தே 2,550தான் ஆகிறது. கிலோவுக்கு 50 ரூபாய் மிச்சம்.

இதை விலையில் குறைத்தே ஆக வேண்டும் என்று தங்கச்சியும் நானும் முடிவு செய்தோம். எங்கள் அடுப்பில் ஒரு கிலோ கைமுறுக்கு ஏறக்குறைய 300 கிராம் எண்ணெய் குடிக்கும், கசடாகி இறக்கி வைப்பதில் இன்னொரு 100 கிராம் அதன் கணக்கில் போகும். ஆக 400 கிராம், 20 ரூபாய். கிலோ 440 இனி 420, அரைக் கிலோ பாக்கெட் 220 இனி 210. 15ஆம் தேதி முதல்.

ராத்திரியே அறிவிப்பு எழுதிவிட்டேன்: "மகிழ்ச்சியான செய்தி! இனி நியாயமான விலையில் செட்டிநாட்டுப் பலகாரம். கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை!"

செப்டம்பர் 9

கடைக்கு வந்த தேவகோட்டை ஆச்சியிடம் அந்தத் தாளைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார்கள். "ஏந் தம்பி, போன மாசம் பேத்தி கல்யாணத்துக்கு நாப்பது கிலோ எடுத்தேனே, அது அநியாய விலையா?"

இல்லை ஆச்சி என்று சொல்லிவிட்டேன், ஆனால் தாளில் இருப்பது அதுதானே. "இனி" பக்கத்தில் "நியாயமான" வந்தால் நேற்றுவரை நியாயமில்லை என்றுதான் அர்த்தம். "கூடுதல் விலை" இன்னும் மோசம், நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கிறது. 440 எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும், கடனும் வாசல் டெலிவரியும் சேர்ந்த எண்ணெய் விலை அதற்குள் இருந்தது. அந்த எண்ணெய்க்கு அதுதான் விலை.

செப்டம்பர் 11

அடுத்து எழுதியது: "முன்பு வாங்கிய இடத்தில் எண்ணெய் விலை அதிகம், அதனால் மாற்றிவிட்டோம்." தங்கச்சி உடனே வேண்டாம் என்றாள். பழைய வியாபாரி 2020இல் கடை பூட்டிக் கிடந்தபோது ஒரு நாள்கூடப் பாக்கி கேட்காதவர். ஊரில் எல்லாருக்கும் அவர்தான் எங்களுக்கு எண்ணெய் போடுகிறார் என்று தெரியும், பழி நேராக அவர் தலையில் விழும். அதோடு "மாற்றிவிட்டோம்" என்று மட்டும் படித்தால் மட்ட எண்ணெய்க்குப் போய்விட்டார்கள் என்று நினைப்பார்கள். விலை குறைந்தால் முதலில் வரும் சந்தேகம் அதுதான்.

"தள்ளுபடி" என்று போடலாமா என்றும் யோசித்தோம். தீபாவளி வரை குறைத்துவிட்டு அப்புறம் ஏற்றப் போகிறார்கள் என்றாகிவிடும். "இதுவரை பொறுத்ததற்கு நன்றி" என்ற வரியையும் அடித்தேன், பொறுத்துக்கொள்ள அங்கே என்ன இருந்தது?

கடைசியில் நின்றது இது:

"செப்டம்பர் 15 முதல் கைமுறுக்கு கிலோ 420 ரூபாய் (இப்போது 440). இதுவரை கடலை எண்ணெயைத் தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடனில் வாங்கினோம். இப்போது மொத்தமாக, ரொக்கத்துக்கு மில்லிலிருந்து எடுக்கிறோம். அதே கடலை எண்ணெய்தான், பக்குவமும் அதேதான். கிலோவுக்கு எங்களுக்குக் குறையும் 20 ரூபாயை விலையில் குறைத்திருக்கிறோம். எண்ணெய் விலை ஏறி இறங்கினால் இதுவும் மாறும். முன்பணம் கொடுத்திருப்பவர்களுக்கும் 15க்குப் பிறகு எடுக்கும் சரக்குக்குப் புது விலைதான்."

பழைய விலையைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை இல்லை. என்ன மாறியது, எவ்வளவு மாறியது, அவ்வளவுதான். கடைசி வரி அவசியம், 20ஆம் தேதிக்கு 25 கிலோ சொல்லி வைத்த வீடு ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே வாங்கிப் போனவர்களுக்குத் திருப்பித் தருவதில்லை, கேட்டால் காரணத்தை நேரில் சொல்வோம்.

செப்டம்பர் 14

220 அச்சடித்த பாக்கெட் 26 மிச்சம். எம்.ஆர்.பி.யைக் குறைக்க ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் அச்சடித்த பழைய விலையை அது மறைக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் 210 ஸ்டிக்கரைப் பக்கத்தில் ஒட்டினோம், இரண்டு விலையும் அருகருகே தெரிகிறது. கையில் எடுப்பவர் "ஏன்?" என்று கேட்கத்தான் செய்வார். அறிவிப்பை அந்தத் தட்டுக்கு நேர் மேலே ஒட்டிவிட்டேன்.

பழைய வியாபாரிக்கு போன் செய்து அதை முழுக்கப் படித்துக் காட்டினேன். "கொஞ்சம் கொஞ்சமா, கடன்ல... சரிதான், அப்படித்தானே வாங்குனீக" என்றார். நல்லெண்ணெய் இன்னும் அவரிடம்தான், நாளைக்கு இரண்டு டின் அனுப்புகிறார்.

செப்டம்பர் 15

ஆச்சி வந்து தாளைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இரண்டு கிலோ போடச் சொன்னார்கள். போகும்போது மட்டும், "மில்லு எண்ணெய் வாசம் எப்படி, ஒரு கரண்டி காட்டு" என்றார்கள். காட்டினேன்.