சகேயு பாடம், இரண்டு வகுப்பு

2025 ஜூன் 14, சனி, ராயபுரம்

சண்டே ஸ்கூல் டீச்சர்களுக்கான பயிற்சி. பாடம் லூக்கா 19, சகேயு. இதே கதையை பிகினர்ஸுக்கும் (4–5 வயசு) ஜூனியருக்கும் (9–11) நடத்திக் காட்டச் சொன்னோம்.

பிகினர்ஸ் எடுத்த அக்கா மனப்பாடத்துக்கு, "இழந்துபோனதைத் தேடவும் இரட்சிக்கவுமே மனுஷகுமாரன் வந்திருக்கிறார்" என்று முழு வசனத்தையும் கொடுத்தார். பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் "எது தொலைஞ்சுது?" என்று கேட்டால் பென்சில் என்பார்கள். அந்த வயதில் தொலைவது பொருள்தான், மனுஷன் இல்லை. ஐந்தாம் வசனத்திலிருந்து "நீ சீக்கிரமாய் இறங்கிவா" போதும். மூன்று சொல், கூடவே கையசைத்துக் கூப்பிடும் சைகை. கதையும் ஐந்து நிமிஷம்தான்: குள்ளமான ஆள், மரம், இயேசு பேர் சொல்லிக் கூப்பிட்டார், அவன் வீட்டுக்குப் போனார். அவன் வரி வசூலிக்கும் ஆயக்காரன் என்பதெல்லாம் வேண்டாம்.

ஜூனியருக்கு அதுதான் வேண்டும். "சகேயு நல்லவனா?" என்று கேட்டால் "ஆமா டீச்சர்" என்று கோரஸ் வரும், அத்தோடு வகுப்பு படுத்துவிடும். சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான் சகேயு. அதை வைத்துக் கணக்கு போடவிடுங்கள். சொத்து 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாதி ஏழைகளுக்கு, மீதி 500. ஒருவரிடம் 100 ரூபாய் அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாக 400 போகும், கையில் 100. இரண்டு பேரிடம் வாங்கியிருந்தால்? 800 வேண்டும், இருப்பதோ 500. "அப்ப அவரு எப்படி சாப்பிடுவாரு?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள், அவர்களே சண்டை போட்டுப் பேசட்டும். நியாயம், அநியாயம் என்றால் அந்த வயதுக்கு ரத்தம் சூடேறும்.

ஜூன் 15, ஞாயிறு

பிகினர்ஸில் 14 பிள்ளைகள். கதை நன்றாகவே போனது, கிரேயான் கொடுத்த நிமிஷம் கலைந்தது. டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு "மரத்துக்குப் பச்சை அடிங்க" என்று சொன்னால் யார் காதிலும் விழாது. முதலில் சொல்ல வேண்டும், ஒரு தாளில் அடித்துக் காட்ட வேண்டும், பிறகு தாள், கடைசியில் கிரேயான். ஒரே டப்பாவை நடுவில் வைத்ததும் தப்பு. பச்சை ஒன்றுதான், கைகள் பதினாலு. நாலு பேருக்கு ஒரு கிண்ணம், அதில் நாலு பச்சை.

உதவிக்கு வந்த தம்பி டீச்சர் பக்கத்திலேயே நின்றார். அவருடைய இடம் பிள்ளைகள் நடுவே, தரையில். தள்ளுமுள்ளு தொடங்கும்போதே தோளில் கை வைத்தால் போதும், டீச்சர் கதையை நிறுத்த வேண்டியதில்லை.

ஞாயிறு காலையில் காசிமேட்டில் மீன் வியாபாரம். அந்த வீட்டுப் பிள்ளைகள் பாட்டு முடிந்துதான் வருவார்கள். "ஏன் லேட்டு?" என்று பிள்ளையைக் கேட்டு என்ன பிரயோஜனம்? வாசலோரம் ஒரு பாய் காலியாக இருக்கட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

கிண்ணம் வேலை செய்தது. தம்பி தரையில் உட்கார்ந்தார், மடியில் இரண்டு பேர். சகேயு ஏறிய காட்டத்தி மரத்தை ஒரு பிள்ளை ஊதா நிறத்தில் அடித்திருந்தது. யாரும் திருத்தவில்லை, நல்லது.