லெவல் சரியாக இருந்தும் எரிந்த ஆயில் விளக்கு

வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய டீசல் ஹேட்ச்பேக். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில், விக்கிரவாண்டி டோல் தாண்டி நூறு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, சிவப்பு நிறத்தில் ஆயில் கேன் விளக்கு ஒரு தரம் மினுக்கியது. அணைந்தது. அப்புறம் நிலையாக எரிய ஆரம்பித்தது.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்சை மிதித்து, நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு இடது ஓரத்துக்கு உருட்டி வந்தேன். நின்றதும் என்ஜினை அணைத்துவிட்டேன். ஓட்டத்திலேயே அணைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்கை ரெண்டு மூணு தடவை மிதித்ததும் அதுவும் கல்லாகிவிடும், சாவியை முழுக்கத் திருப்பி உருவினால் ஸ்டியரிங்கே லாக் ஆகும். அதனால் ஓரம் கட்டி அணைப்பதுதான் சரி. அதற்காக, அடுத்த பங்க் வரை மெதுவாகப் போய்ப் பார்க்கலாம் என்ற கணக்கெல்லாம் கூடாது.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், அந்த விளக்கு எரிவதே ரொம்பத் தாமதமாகத்தான். என்ஜின் பிளாக்கில் ஒரு சின்ன பிரஷர் ஸ்விட்ச் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் ஆயில் பிரஷர் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய அரைக் கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் அது விளக்கை எரிய விடும். நெடுஞ்சாலை வேகத்தில் மூணு, நாலு கிலோ இருக்க வேண்டிய இடம் அது. அப்போது விளக்கு எரிகிறது என்றால் கிராங்க் பேரிங்குகளுக்குப் போக வேண்டிய எண்ணெயில் கிட்டத்தட்ட ஒன்றும் போகவில்லை என்று பொருள். கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கில் உரசாமல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் சுற்றுகிறது. டர்போ ஷாஃப்ட்டும் அப்படித்தான். அதன் வேகமோ நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும்.

பத்து நிமிடம் விட்டு, எண்ணெய் கீழே இறங்கியதும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே, சரியாக இருந்தது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன், சொட்டு ஒழுகல் இல்லை. லெவல் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தால் வழி சுலபம்: பக்கத்துக் கடையில் அதே கிரேடு எண்ணெய் வாங்கி ஊற்றி, ஸ்டார்ட் செய்து, சில நொடியில் விளக்கு அணைகிறதா என்று பார்க்கலாம். அணையாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். லெவல் சரியாக இருந்து விளக்கு எரிந்தால்தான் விஷயம் பெரிது.

மச்சானுக்குப் போன் போட்டேன். “லெவல் இருக்குல்ல, அப்ப சென்சார்தான் போயிருக்கும். மெதுவா ஓட்டிட்டு விழுப்புரம் வந்துடுங்க மாமா” என்றான். ஸ்விட்ச் கெட்டுப்போவது உண்மையிலேயே அடிக்கடி நடப்பதுதான், நானூறு ஐந்நூறு ரூபாய் சமாச்சாரம். ஆனால் ஸ்விட்சா, பிரஷரா என்று சாலையோரத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. தவறாக ஊகித்தால் செலவு என்ஜின் ரீபோரில் போய் நிற்கும். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐக் கூப்பிட்டு, டோ செய்துதான் விழுப்புரம் போனேன்.

அங்கே ஒரு பழைய மெக்கானிக். சாவியை ஆன் செய்து, ஸ்விட்சின் ஒயரைக் கழற்றினார், விளக்கு அணைந்தது. ஒயர் எங்கேயும் பாடியில் உரசி ஷார்ட் ஆகவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்தார். விளக்கு எரியவே இல்லை. “இப்ப எரியலையே சார்” என்று சிரித்தார். மச்சான் சொன்னதுதான் சரியோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

அவர் அதோடு விடவில்லை. ஸ்விட்சைக் கழற்றி, அந்தத் துளையில் டி-அடாப்டர் வைத்து, ஒரு பக்கம் ஸ்விட்ச், மறு பக்கம் நீள ஓஸோடு பிரஷர் கேஜ் மாட்டினார். சூடான ஐடிலில் ஒன்றரைக் கிலோ. ரேஸ் கொடுக்கக் கொடுக்க முள் மூணரை வரை ஏறியது. எல்லாம் சரிதான். ரேஸை அப்படியே பிடித்துக்கொண்டு, “சாவில கை வச்சுக்கங்க, சொன்னதும் அணைங்க” என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் முள் நடுங்க ஆரம்பித்தது. மூணு, ரெண்டு, ஒன்று என்று இறங்கி, விளக்கும் எரிந்தது. அணைத்தேன். ஸ்விட்ச் பொய் சொல்லவில்லை.

அதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் இதை எழுதவே காரணம். பேரிங் தேய்ந்திருந்தாலோ, பம்ப் தளர்ந்திருந்தாலோ, எண்ணெய் நீர்த்திருந்தாலோ, விளக்கு சூடான ஐடிலில், சிக்னலில் நிற்கும்போது மினுக்கும்; ரேஸ் கொடுத்தால் அணையும். என் வண்டியில் நேர்மாறு. வேகமாகச் சுற்றினால் பிரஷர் விழுகிறது. பம்ப் இழுக்கிறது, ஆனால் இழுக்க எண்ணெய் வரவில்லை. அதாவது என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்புக்குள், பம்ப் உறிஞ்சும் வாயில் இருக்கும் ஸ்டிரெய்னர் வலையை ஏதோ மூடுகிறது. என்ஜினை நிறுத்தினால் உறிஞ்சல் நின்று, ஒட்டியிருந்தது உதிர்ந்துவிடும். அதனால்தான் மறுபடி ஸ்டார்ட் செய்தால் நல்ல பிள்ளையாக ஓடுகிறது.

“சம்ப்பைச் சமீபத்துல கழட்டினீங்களா சார்?” என்று கேட்டார். கழற்றியிருந்தது. கொஞ்ச நாள் முன்பு ஒழுகலுக்காக ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தேன்.

எண்ணெயை வடித்து சம்ப்பை இறக்கியதும் கண்ணெதிரே தெரிந்தது. வலையில், சம்ப்பை ஒழுகாமல் ஒட்டப் போடும் கறுப்பு சிலிகான் பேஸ்ட்டின் துணுக்குகள், புழுப் புழுவாக, முக்கால்வாசியை மூடியிருந்தன. சம்ப்பின் உள்விளிம்பு முழுக்க அதே பேஸ்ட் சுண்டுவிரல் தடிமனுக்குப் பிதுங்கிக் காய்ந்திருந்தது. நகத்தால் தொட்டாலே பிய்ந்து வந்தது. மூன்று மில்லிமீட்டர் கோடு போதும் என்றார் அவர். அதுவும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டி, பெட்ரோலால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத உலோகத்தில் போட வேண்டும். அதிகம் போட்டால் வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்குவது தெரியாது.

சம்ப் இறங்கியதால் ஒரு கனெக்டிங் ராடின் கேப்பையும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்றார். பேரிங் ஷெல் மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. மெல்லிய கோடுகள் இருந்தன, நகத்தில் தட்டவில்லை, செம்பு நிறம் எங்கும் தெரியவில்லை. பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்தபோது கருப்புத் துணுக்குகள்தான் கிடைத்தன, உலோக மினுமினுப்பு இல்லை. தப்பித்தது.

வலையைக் கழுவி, காற்றடித்து மாட்டி, பேஸ்ட் காய மறுநாள் வரை விட்டார். புது ஃபில்டர், புது எண்ணெய். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, பற்றாமல் ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுற்றினார், கேஜ் முள் அசையும் வரை. அதற்கப்புறம்தான் ஸ்டார்ட். அரை மணி நேரம் ரேஸில் வைத்தும் முள் மூணரைக்குக் கீழே வரவில்லை. ஆயிரம் கிலோமீட்டரில் எண்ணெயையும் ஃபில்டரையும் இன்னொரு முறை மாற்றச் சொன்னார், பம்ப்புக்கு அப்பால் போன துணுக்கு இருந்தால் ஃபில்டரில் வந்து நிற்கும் என்று. மாற்றினேன். அறுத்த ஃபில்டரில் ஒரே ஒரு துணுக்கு, கடுகளவு.