ஃபேனுக்குப் பின்னால் ஒரு பஞ்சுப் படலம்

நாலு வருஷம் ஓடிய லேப்டாப். பிரௌசரில் நாலைந்து பக்கம் திறந்தாலே ஃபேன் இரைய ஆரம்பித்தது. லினக்ஸில் `sensors` என்று தட்டிப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 66 டிகிரி, வீடியோ எடிட் செய்தால் 97. அந்தச் சூட்டில் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெஷின் தவழ்ந்ததற்குக் காரணம் அதுதான்.

பக்கவாட்டில் காற்று வெளியேறும் இடத்தில் கையை வைத்தேன். அவ்வளவு இரைச்சலுக்கும் காற்று பட்டும் படாமலும்தான் வந்தது. வழி அடைத்திருக்கிறது என்று புரிந்தது. வெளியிலிருந்தே ஊதிவிட்டேன், அது தப்பு. பிராசஸரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் உள்பக்கம் படிந்திருந்த தூசி பின்னால் தள்ளப்பட்டு ஃபேன் மேலேயே விழுந்தது. ரெண்டு நாள் கழித்து கரகரவென்று புதுச் சத்தமும் சேர்ந்துகொண்டது.

அதன்பிறகுதான் திறந்தேன். ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கினேன். அடிமூடியில் பத்து ஸ்க்ரூ, முன்பக்கத்தவை குட்டையானவை. நீள ஸ்க்ரூவைக் குட்டையின் இடத்தில் முடுக்கினால் மேல்பக்கம் புடைத்துவிடும், அதனால் ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து அந்தந்த இடத்தில் செலோ டேப்பால் ஒட்டி வைத்தேன். மூடியை நெம்ப ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பழைய சிம் கார்டு அட்டை போதும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரின் இரு ஓரத்தையும் நகத்தால் தள்ளி எடுத்தேன். பிறகு பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்தி, மிச்ச மின்சாரத்தை வடியவிட்டேன். உடம்பிலுள்ள ஸ்டாட்டிக் போக, ஒரு வெறும் இரும்புக் குழாயையும் தொட்டுக்கொண்டேன்.

என் மாடலில் ஹீட்சிங்கைத் தொடாமலே ஃபேனை மட்டும் மூன்று ஸ்க்ரூவில் கழற்ற முடிந்தது. எடுத்துப் பார்த்தால், தகடுகளின் வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், தலையணைப் பஞ்சை அழுத்தி வைத்தது போல. ட்வீசரால் ஒரு ஓரத்தைப் பிடித்ததும் முழுசாக உரிந்து வந்தது. தகடுகள் மெல்லிசு, வளைந்தால் காற்று போகாது; அதனால் மீதியை மென்மையான பிரஷ்ஷால் தகடு போகும் திசையிலேயே தேய்த்தேன். கேமராவுக்கு வைத்திருக்கும் ரப்பர் ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டேன். சுற்ற விட்டால் பேரிங் கெடும். வாக்குவம் க்ளீனரை உள்ளே கொண்டு போகவே கூடாது, அது ஸ்டாட்டிக்கை உண்டாக்கும்.

மாட்டி முடித்து மறுபடி `sensors`. சும்மா இருக்கும்போது 45, அதே எடிட்டிங்கில் 79. காற்று வெளியேறும் இடத்தில் கை வைத்தால் சூடாக, நன்றாக வீசுகிறது.

தூசி போன பிறகும் சூடு இறங்காவிட்டால், பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அதற்கு ஹீட்சிங்கைக் கழற்றி, பழசைத் துடைத்துப் புதுசு தடவ வேண்டும். கையில் புது பேஸ்ட் இல்லாமல் அந்த ஸ்க்ரூக்களைத் தளர்த்தாதீர்கள்.