ஒரு 1,20,000 ரூபாய் எனக்கு ஒரு குரூப்பைத் தின்ற கதை: அப்சார்ப்ஷன், மார்ஜினல் லாபம் ஏன் ஒத்துப்போவதில்லை

நேற்று சாயங்காலம் சிஏ இன்டர் ரிசல்ட் வந்தது. காஸ்டிங்கில் 61. போன அட்டெம்ப்ட்டில் இதே பேப்பரில் 37. மூன்று மார்க் குறைந்ததால் இரண்டாவது குரூப் முழுக்கப் போனது. ஆடிட்டிங்கில் 55, எஃப்எம்மில் 58 என்று எடுத்திருந்தேன். ரெண்டுமே 60-ஐத் தொடாததால் எக்ஸம்ப்ஷனும் கிடைக்கவில்லை. மூன்றையும் முதலிலிருந்து எழுதினேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை, அதனால் இதை ஒரே ஒரு கணக்கைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பிராசஸ் காஸ்டிங், ஸ்டாண்டர்ட் காஸ்டிங் எல்லாம் வேறு யாராவது எழுதுவார்கள்.

என் கிளாஸ் நோட்டில் மார்ஜினல் காஸ்டிங் பகுதியில், ஒரு கணக்கின் ஓரத்தில் சிவப்பு மையில் இப்படி எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன்: ‘லாப வித்தியாசம் = அண்டர் அப்சார்ப்ஷன்’. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நானே ‘கண்டுபிடித்தது’. விடையோடு ஒத்துப்போனதால் அதற்குப் பிறகு சந்தேகமே வரவில்லை.

அந்தக் கணக்கை என் எண்களில் சொல்கிறேன். வெட் கிரைண்டர் செய்கிற ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை விலை 5,000. ஒரு கிரைண்டருக்கு வேரியபிள் உற்பத்திச் செலவு 3,000, வேரியபிள் விற்பனைச் செலவு 200. ஷெட் வாடகை, சூப்பர்வைசர் சம்பளம் மாதிரியான ஃபிக்ஸட் உற்பத்தி ஓவர்ஹெட் காலாண்டுக்கு 6,00,000. நார்மல் கெப்பாசிட்டி காலாண்டுக்கு 1,000 கிரைண்டர், ஆகவே ரேட் 600. ஃபிக்ஸட் விற்பனை, நிர்வாகச் செலவு 2,00,000.

இரண்டாம் காலாண்டில் ஓப்பனிங் ஸ்டாக் 300, உற்பத்தி 800, விற்பனை 1,000, குளோசிங் 100.

மார்ஜினலில் கான்ட்ரிபியூஷன் ஒன்றுக்கு 1,800, ஆயிரத்துக்கு 18,00,000. மொத்த ஃபிக்ஸட் 8,00,000 போக லாபம் 10,00,000.

அப்சார்ப்ஷனில் விற்பனை 50,00,000. விற்ற சரக்கின் அடக்கம் ஒன்றுக்கு 3,600 வீதம் 36,00,000. செய்தது 800 தான், அதனால் 200 × 600 = 1,20,000 அண்டர் அப்சார்ப்ஷன், அதையும் கழிக்க வேண்டும். விற்பனைச் செலவுகள் 4,00,000 போனால் லாபம் 8,80,000.

வித்தியாசம் 1,20,000. அண்டர் அப்சார்ப்ஷனும் 1,20,000. பார்த்தால் யாருக்குத்தான் அப்படித் தோன்றாது? எனக்குத் தோன்றியது, சிவப்பு மையில் எழுதிவிட்டேன்.

இப்போது அதே பட்டறையின் முதல் காலாண்டைப் போடுங்கள். ஓப்பனிங் ஸ்டாக் இல்லை, உற்பத்தி 1,200, விற்பனை 900, குளோசிங் 300. மார்ஜினல் லாபம் 16,20,000 கழித்தல் 8,00,000, அதாவது 8,20,000. அப்சார்ப்ஷனில் 45,00,000 விற்பனையில் அடக்கம் 32,40,000 போகும், 200 கிரைண்டர் கூடுதலாகச் செய்ததால் ஓவர் அப்சார்ப்ஷன் 1,20,000 திரும்ப வரும், விற்பனைச் செலவுகள் 3,80,000 போகும். லாபம் 10,00,000. வித்தியாசம் 1,80,000. ஓவர் அப்சார்ப்ஷனோ 1,20,000.

என் ‘ஃபார்முலா’ இங்கேயே செத்தது. தேர்வில் எனக்கு வந்ததும் இந்த ரகம்தான். இரண்டு லாபத்தையும் சரியாகவே போட்டேன். ரீகன்சிலியேஷனில் ஓவர் அப்சார்ப்ஷனைப் போட்டேன், ஒத்துவரவில்லை. லாபம் தப்பு என்று நினைத்து சரியாக இருந்த அப்சார்ப்ஷன் ஸ்டேட்மென்டை அடித்துவிட்டு மறுபடி போட்டேன். அப்போதும் ஒத்துவரவில்லை. 25 நிமிடம் அதில் போனது. கடைசியில் வந்த வேரியன்ஸ் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு பேப்பரைக் கொடுத்தேன்.

சரி, உண்மையில் நடப்பது என்ன?

ஷெட் வாடகையும் சம்பளமும் கிரைண்டர் செய்தாலும் செய்யாவிட்டாலும் கையை விட்டுப் போகிற பணம். மார்ஜினல் அந்த 6,00,000 முழுவதையும் அந்தக் காலாண்டின் தலையிலேயே கட்டிவிடும். அப்சார்ப்ஷன் ஒவ்வொரு கிரைண்டர் மேலும் 600 ரூபாயை ஒட்டி அனுப்பும். விற்றுப்போன கிரைண்டர் தன் 600-ஐ லாப நட்டக் கணக்குக்கு எடுத்துப் போகும். விற்காதது அந்த 600-ஐ முதுகில் வைத்துக்கொண்டு குடோனில் உட்கார்ந்திருக்கும், பேலன்ஸ் ஷீட்டில் ஸ்டாக் மதிப்பாக. முதல் காலாண்டில் 300 கிரைண்டர் குடோனில் இருக்கின்றன. 300 × 600 = 1,80,000 வாடகைப் பணம் இன்னும் செலவாகக் காட்டப்படவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் இதை நம்பியது, ஃபிக்ஸட் ஓவர்ஹெட் மட்டும் எவ்வளவு லாப நட்டக் கணக்கைத் தொட்டது என்று தனியாக எடுத்துப் பார்த்த பிறகுதான். அப்சார்ப்ஷனில் முதல் காலாண்டில் விற்ற 900 கிரைண்டர் வழியாக 5,40,000 வந்தது, ஓவர் அப்சார்ப்ஷன் 1,20,000 திரும்பியது, ஆக 4,20,000. மார்ஜினலில் 6,00,000. இடைவெளி 1,80,000. ஓவர் அப்சார்ப்ஷன் ஏற்கெனவே அந்த 4,20,000-க்குள் கரைந்துவிட்டது. அதை ரீகன்சிலியேஷனில் மறுபடி எழுதினால் இரண்டு தடவை எண்ணியதாகிவிடும்.

இதே மாதிரி இரண்டாம் காலாண்டைப் பாருங்கள். விற்ற 1,000 கிரைண்டர் 6,00,000 கொண்டுவந்தது, அண்டர் அப்சார்ப்ஷன் 1,20,000 சேர்ந்தது, மொத்தம் 7,20,000. மார்ஜினலில் 6,00,000. இங்கே விற்பனை 1,000, நார்மல் கெப்பாசிட்டியும் 1,000. அதனால் விற்ற கிரைண்டர் கொண்டுவந்த தொகையும் மார்ஜினலின் 6,00,000-மும் ஒன்றாகிவிட, மிஞ்சியது அண்டர் அப்சார்ப்ஷன் மட்டும்தான். ரேட் மாறாமல், விற்பனை நார்மல் கெப்பாசிட்டிக்குச் சமமாக இருந்தால் எப்போதும் இப்படித்தான் வரும். என் சிவப்பு மை வெறும் தற்செயலை விதி என்று எழுதி வைத்திருந்தது.

இன்னொன்றும் கண்ணில் படும். முதல் காலாண்டில் 900 விற்று அப்சார்ப்ஷன் லாபம் 10 லட்சம். இரண்டாம் காலாண்டில் 1,000 விற்று 8.80 லட்சம். விலையும் செலவும் மாறவில்லை, விற்பனை கூடியிருக்கிறது, லாபம் குறைந்திருக்கிறது. மார்ஜினலில் 8.20 லட்சம் 10 லட்சமாக ஏறுகிறது. ‘கருத்துக் கூறு’ என்று இரண்டு மார்க்குக்குக் கேட்டால் எழுத வேண்டியது இதைத்தான்: அப்சார்ப்ஷன் லாபம் விற்பனையோடு உற்பத்தியையும் சேர்த்துப் பார்த்து ஆடும், குடோனை நிரப்பியே லாபத்தைத் தூக்கிக் காட்ட முடியும்.

ரீகன்சிலியேஷனை இப்போது நான் எழுதுவது இப்படி (இரண்டாம் காலாண்டு):

- மார்ஜினல் லாபம்: 10,00,000
- கூட்டு, குளோசிங் ஸ்டாக்கில் உள்ள ஃபிக்ஸட் ஓவர்ஹெட், 100 × 600: 60,000
- கழி, ஓப்பனிங் ஸ்டாக்கில் உள்ள ஃபிக்ஸட் ஓவர்ஹெட், 300 × 600: 1,80,000
- அப்சார்ப்ஷன் லாபம்: 8,80,000

‘ஸ்டாக் மாற்றம் 200 × 600’ என்று ஒரே வரியிலும் எழுதலாம், விடை அதேதான். நான் எழுதமாட்டேன். இரண்டு வரியாக எழுதினால்தான் அடுத்த பொறி கண்ணில் படும்.

அந்தப் பொறி ரேட் மாறுவது. ஓப்பனிங் 300, உற்பத்தி 1,000, விற்பனை 1,000, குளோசிங் 300 என்று ஒரு கணக்கு. உற்பத்தியும் விற்பனையும் சமம், ஆகவே இரண்டு லாபமும் சமம் என்று தியரியில் மனப்பாடம் செய்திருப்போம். ஆனால் போன காலத்தின் ரேட் 600, இந்தக் காலத்தின் ரேட் 650, ஸ்டாக் ஃபிஃபோ முறை என்று இருந்தால், குளோசிங்கில் 1,95,000 இருக்கும், ஓப்பனிங்கில் 1,80,000 இருந்திருக்கும். அப்சார்ப்ஷன் லாபம் 15,000 கூடுதல். ‘சமம்’ என்பது ரேட்டும் மாறாமல் இருந்தால் மட்டும்தான். ஒரே வரியில் ஸ்டாக் மாற்றம் போடுகிறவர் பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போவார்.

தேர்வறைக்கு நான் கொண்டுபோன பழக்கம் ஒன்றுதான். என்னைப் போல, ஒத்துவரவில்லை என்றால் கை நடுங்குகிறவர்களுக்கு மட்டும் இது. நிதானமான ஆட்கள் வழக்கம்போலவே செய்யுங்கள். நான் ஸ்டேட்மென்ட் தொடங்குவதற்கு முன்பே பக்க ஓரத்தில் பென்சிலால் வித்தியாசத்தைப் போட்டுவிடுவேன்: குளோசிங் × அதன் ரேட், கழித்தல் ஓப்பனிங் × அதன் ரேட். அப்புறம் மார்ஜினல் ஸ்டேட்மென்ட், அது சின்னது, தப்பு வர வாய்ப்புக் குறைவு. இரண்டையும் கூட்டினால் அப்சார்ப்ஷன் லாபம் எவ்வளவு வர வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். கடைசியாக அப்சார்ப்ஷன் ஸ்டேட்மென்டை எழுதும்போது வேறு எண் வந்தால் தப்பு அதற்குள்தான், பெரும்பாலும் அண்டர், ஓவரைத் திருப்பிப் போட்டிருப்பேன்.

இன்னும் சில, சுருக்கமாக:

- ஃபிக்ஸட் விற்பனைச் செலவை ஸ்டாக் மதிப்பில் சேர்க்காதீர்கள். இரண்டு முறையிலும் அது அந்தக் காலத்தின் செலவுதான்.
- ரேட்டுக்கு நார்மல் கெப்பாசிட்டியால் வகுங்கள். கேள்வியில் அது இல்லாமல் உண்மையான உற்பத்தி மட்டும் இருந்தால் அதால் வகுத்து, அப்படி எடுத்துக்கொண்டதாக ஒரு வரி எழுதுங்கள். அப்போது அண்டர், ஓவர் என்ற பேச்சே வராது.
- அப்சார்ப்ஷன் லாபத்தில் தொடங்கி மார்ஜினலுக்குப் போகச் சொன்னால் கூட்டலும் கழித்தலும் இடம் மாறும். தலைப்பை எழுதிய பிறகே அடையாளம் போடுங்கள்.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு, இரண்டு காலாண்டு சேர்ந்து வந்தால். மேலே உள்ள பட்டறையில் அப்சார்ப்ஷன் லாபம் மொத்தம் 18,80,000, மார்ஜினல் 18,20,000. மீதி 60,000 எங்கே என்றால், இன்னும் விற்காமல் குடோனில் கிடக்கிற 100 கிரைண்டரின் மேல். அவை விற்று குடோன் காலியாகிற காலாண்டில் மார்ஜினல் லாபம் அப்சார்ப்ஷனைவிட அதே 60,000 கூடுதலாகக் காட்டும், தொடக்கத்திலிருந்து கூட்டினால் இரண்டு முறையின் மொத்தமும் ஒன்றாகிவிடும். மூன்றாம் காலாண்டு எண்களை நீங்களே போட்டுப் பாருங்கள், குளோசிங்கை மட்டும் பூஜ்யமாக வையுங்கள்.