004518, 4518 ஆன கதை

மார்த்தாண்டத்தில் இருசக்கர வாகன உதிரிபாக மொத்தக் கடை ஒன்றில் ஆறு வருடமாகக் கணினி வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் குளச்சலில் இருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் போன் செய்தார். "நான் கேட்டது கிளட்ச் கேபிள். வந்திருக்கது பிரேக் ஷூவாக்கும். பில்லிலயும் பிரேக் ஷூன்னுதான் இருக்கு." குடோனில் இருக்கும் பையன் பில்லைப் பார்த்துச் சரியாகத்தான் கட்டியிருந்தான். அப்படியென்றால் பில்லே தப்பு. அன்று மாலைக்குள் இதே மாதிரி இன்னும் மூன்று புகார்கள் வந்தன.

எங்களிடம் முக்கியமாக இரண்டு கம்பெனிச் சரக்கு. முதல் கம்பெனியின் குறியீடு எப்போதும் ஆறு இலக்கம். அந்த பிரேக் ஷூவின் குறியீடு 004518. இரண்டாவது கம்பெனிக்கு நான்கு இலக்கமும் வரும், ஐந்து இலக்கமும் வரும். கிளட்ச் கேபிள் அவர்களுடையது, அதன் குறியீடு 4518. முன்னால் இருக்கும் இரண்டு பூஜ்யம் போய்விட்டால் இரண்டும் ஒன்றே.

அது எப்படிப் போனது என்று பின்னோக்கிப் பார்த்தேன். விலை மாறியதால், பில்லிங் சாப்ட்வேரில் இருந்து சரக்குப் பட்டியலை CSV கோப்பாக எடுத்தேன். அதை டபுள் கிளிக் செய்து எக்செல்லில் திறந்து, மூன்று நாள் உட்கார்ந்து புது விலைகளை அடித்து, சேமித்து, திரும்ப ஏற்றினேன். CSV என்பது வெறும் எழுத்துக் கோப்பு. எந்தப் பத்தி எண், எந்தப் பத்தி குறியீடு என்று அதில் எழுதியிருக்காது. இலக்கங்கள் மட்டும் இருந்தால் எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொள்ளும். எண் என்றால் முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பு கிடையாது, அதனால் வைத்துக்கொள்ளாது. திறந்து பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடியிருந்தால் கோப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சேமித்ததும் பூஜ்யம் இல்லாத குறியீடுதான் கோப்பில் எழுதப்பட்டது. பில்லிங் சாப்ட்வேர் 4518 என்ற இரண்டு வரிகளைப் பார்த்து, பின்னால் வந்த பிரேக் ஷூவின் பெயரையும் விலையையும் கிளட்ச் கேபிளின் மேல் எழுதிவிட்டது.

"நாலு சைபரு போனதுக்கா இவ்வளவு பாடு?" என்றார் முதலாளி அண்ணாச்சி. பில் போடுவதை இரண்டு நாளைக்குக் கைப்புத்தகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னதால் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

முதலில் செய்தது தப்பான வைத்தியம். குறியீட்டுப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, Format Cells போய், Custom-இல் 000000 என்று கொடுத்தேன். கண்ணுக்கு 004518 என்று அழகாக வந்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டத்தில் நின்று மேலே ஃபார்முலா பாரைப் பார்த்தால் 4518 என்றுதான் இருந்தது. வெளியே தெரியும் உருவம் மட்டும் மாறியிருக்கிறது, உள்ளே எண்தான். பழைய பட்டியலோடு VLOOKUP போட்டால் எல்லா வரியிலும் #N/A வந்தது, ஏனென்றால் எழுத்தாக இருக்கும் 004518-உம் எண்ணாக இருக்கும் 4518-உம் அதற்கு வேறு வேறு. அதைவிடப் பெரிய தப்பு, இரண்டாவது கம்பெனியின் நான்கு இலக்கக் குறியீடுகளுக்கும் சேர்த்துப் பூஜ்யம் ஒட்டிக்கொண்டது. சரி, பத்தியை Text என்று மாற்றிப் பார்ப்போம் என்று மாற்றினேன். கட்டங்கள் இடது பக்கம் ஒதுங்கின, அவ்வளவுதான். போன பூஜ்யம் அதனால் திரும்பி வராது.

இந்த இடத்தில்தான் விஷயம் எனக்குத் தெளிவானது. குறியீட்டின் நீளம் நிச்சயமாகத் தெரிந்தால் பூஜ்யத்தைத் திரும்ப வைக்கலாம். நீளம் நிச்சயமில்லை என்றால் முடியாது. இரண்டாவது கம்பெனியில் 0772 என்று ஒரு கண்ணாடி, 00772 என்று ஒரு டிஸ்க் பேட். என் கோப்பில் இரண்டும் 772. எதற்கு ஒரு பூஜ்யம், எதற்கு இரண்டு பூஜ்யம் என்று அந்த எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தகவல் கோப்பிலேயே இல்லை. மூலத்துக்குத்தான் போக வேண்டும்.

மூலம் கிடைத்தது. விலை மாற்றும் முன் எடுத்த CSV-ஐ அண்ணாச்சிக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன், அது Sent-இல் கிடந்தது. இறக்கி, நோட்பேடில் திறந்தேன். பூஜ்யங்கள் அப்படியே இருந்தன. ஆனால் அதில் பழைய விலை. கெட்டுப்போன கோப்பில்தான் மூன்று நாள் அடித்த புது விலை. இரண்டையும் சேர்க்க வேண்டும், அதுவும் 2,140 வரி. நடுவில் கம்பெனி வாரியாக வரிசைப்படுத்திவிட்டதால் வரிக்கு வரி ஒட்டவும் வழியில்லை.

பழைய கோப்பை இந்த முறை டபுள் கிளிக் செய்யவில்லை. காலிக் கோப்பைத் திறந்து, Data பட்டியில் From Text/CSV கொடுத்து, கோப்பைக் காட்டி, Load அழுத்தாமல் Transform Data அழுத்தினேன். திறந்த ஜன்னலிலும் குறியீடு பூஜ்யம் இல்லாமல்தான் தெரிந்தது, ஏனென்றால் அதுவும் தானாகவே வகையை ஊகித்து Changed Type என்று ஒரு படியைப் போட்டுவிடுகிறது. பத்தியைத் தேர்ந்தெடுத்து Data Type-ஐ Text ஆக்கியதும் ஒரு கேள்வி வந்தது: Replace current-ஆ, Add new step-ஆ? இங்கே Replace current தான். முதல் முறை நான் Add new step கொடுத்துவிட்டேன். அப்படிக் கொடுத்தால் முதலில் எண்ணாக மாறி, அப்புறம் அந்த எண் எழுத்தாக மாறும். பூஜ்யம் முதல் படியிலேயே போயிருக்கும். Replace current கொடுத்ததும் 004518 வந்து நின்றது. அந்தத் தாளுக்கு old என்று பெயர் வைத்து, புது விலை உள்ள தாளையும் அதே கோப்பில் கொண்டுவந்தேன்.

புது விலைத் தாளில் A பத்தி கெட்ட குறியீடு, B பொருள் பெயர், D கம்பெனி. முதல் கம்பெனிக்கு நீளம் நிச்சயம், ஆகவே சுலபம்:

```
=TEXT(A2,"000000")
```

இரண்டாவது கம்பெனிக்குப் பெயரை வைத்துப் பழைய தாளில் இருந்து குறியீட்டை எடுத்தேன்:

```
=INDEX(old!A:A,MATCH(B2,old!B:B,0))
```

MATCH முதலில் கிடைக்கும் வரியோடு நின்றுவிடும். ஒரே பெயரில் இரண்டு பொருள் இருந்தால் இரண்டுக்கும் ஒரே குறியீட்டைக் கொடுக்கும். அதைப் பிடிக்க, E பத்தியில் வந்த குறியீட்டை எண்ணாக்கினால் பழையபடி A பத்தியின் எண் வருகிறதா என்று பக்கத்தில் ஒரு சோதனை வைத்தேன்:

```
=VALUE(E2)=A2
```

37 வரிகளில் FALSE வந்தது. எல்லாமே ஒரே பெயரில் இரண்டு அளவு வரும் சாமான்கள். அவற்றையும், ஒரே எண்ணாக மாறிப்போன 772 போன்ற ஜோடிகளையும் அட்டைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்துக் கையால் திருத்தினேன். குடோனில் அரை நாள் ஆனது.

கடைசியாக இரட்டிப்பு இருக்கிறதா என்று பார்க்க COUNTIF போட்டேன். 004518-க்கு 2 என்று காட்டியது! நெஞ்சு பக்கென்றது. திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் புரிந்தது, COUNTIF எழுத்தாக இருக்கும் இலக்கங்களையும் எண்ணாகவே ஒப்பிடுகிறது. அதற்கு 004518-உம் 4518-உம் ஒன்றுதான். இதற்கு உகந்தது இது:

```
=SUMPRODUCT(--($E$2:$E$2141=E2))
```

எல்லா வரியிலும் 1 வந்தது.

இதோடு வாடிக்கையாளர் பட்டியலும் கெட்டிருந்தது. 312 கடைகளின் போன் நம்பர். இதில் விநோதம், பாதி லேண்ட்லைன் நம்பர்களில் பூஜ்யம் இருந்தது, பாதியில் இல்லை. நடுவில் சிறு கோடு போட்டு 04652- என்று அடித்திருந்த நம்பர்கள் எல்லாம் தப்பித்திருந்தன, கோடு இருந்தால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. கோடு இல்லாமல் அடித்தவை மட்டும் மாட்டிக்கொண்டன. நாகர்கோவில் பக்கம் 04652, குழித்துறை பக்கம் 04651. பின்னால் ஆறு இலக்கம். பூஜ்யம் போனால் சரியாகப் பத்து இலக்கம், பார்க்க மொபைல் நம்பர் போலவே இருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கடைகளுக்கு 0471-உம் ஏழு இலக்கமும், அதுவும் அதே கணக்கு. இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும். ஆகவே எங்கள் பட்டியலில் பத்து இலக்கத்தோடு 4-இல் தொடங்குவது எல்லாம் பூஜ்யம் இழந்த லேண்ட்லைன்:

```
=IF(AND(LEN(C2)=10,LEFT(C2,1)="4"),"0"&C2,C2&"")
```

சிலர் மொபைலுக்கும் முன்னால் 0 போட்டுக் கொடுத்திருந்தார்கள். லேண்ட்லைனில் இருந்து மொபைலைக் கூப்பிட 0 சேர்க்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 15 முதல் இருக்கிறதே. அந்த நம்பர்களில் பூஜ்யம் போனதால் நட்டமில்லை, அப்படியே விட்டேன். ஆனால் இந்த ஃபார்முலாவை எல்லா ஊருக்கும் நம்பக் கூடாது. பெங்களூருவில் இருக்கும் எங்கள் சப்ளையரின் 080 நம்பர் பூஜ்யம் போனதும் 80 என்று தொடங்கிப் பத்து இலக்கமாக, அசல் மொபைல் போலவே உட்கார்ந்திருந்தது. அப்படி மூன்று நம்பர்களை விசிட்டிங் கார்டு பார்த்துச் சரிசெய்தேன்.

புதிதாக அடிப்பவற்றுக்கு இப்போது பத்தியை முதலிலேயே Text ஆக்கிவிட்டுத்தான் அடிக்கிறேன். மைக்ரோசாஃப்ட் 365-இல் File, Options, Data-வில் Automatic Data Conversion என்ற இடத்தில், முன் பூஜ்யத்தை நீக்கும் பழக்கத்தையே அணைத்துவைக்க ஒரு டிக் இருக்கிறது. கடையில் இருக்கும் பழைய பதிப்பில் அது இல்லை.

ஃபார்முலாக்களை மதிப்புகளாக ஒட்டி, CSV ஆகச் சேமித்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பக்கத்தில் இருந்த பையன் உடனே டபுள் கிளிக் செய்யப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். அப்படித் திறந்தால் பூஜ்யம் போனதாகத்தான் தெரியும், பதறிப்போய்ச் சேமித்தால் உண்மையிலேயே போய்விடும். நோட்பேடில் திறந்து 004518 என்று தேடினோம். பிரேக் ஷூ. நான்கு இலக்க 4518-ஐத் தேடினோம். கிளட்ச் கேபிள். கோப்பை ஏற்றிவிட்டு, குளச்சலுக்குப் போக வேண்டிய கேபிளுக்கு முதல் பில்லைப் போட்டேன்.