அறுபது பட்டைகளுக்குள் மறைந்த ஈப்போ

பினாங்கில் ஒரு துணிக்கடை நிறுவனத்தின் விற்பனைக் கணக்கைப் பார்ப்பது என் வேலை. கிள்ளான் பள்ளத்தாக்கு, பினாங்கு, ஈப்போ, ஜொகூர், கிழக்குக் கரை என ஐந்து வட்டாரங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், அந்த ஆண்டின் விற்பனையை ஒரே தாளில் காட்டும்படி முதலாளி கேட்டார்.

அதுவரை அலுவலகத்தில் பட்டை வரைபடம்தான் வழக்கம். மாதத்துக்கு ஐந்து பட்டை என்றால் ஆண்டுக்கு அறுபது. ஒரு மாதத்தில் எந்த வட்டாரம் முன்னே நிற்கிறது என்பது அதில் பளிச்சென்று தெரியும். ஆனால் ஈப்போ ஏறுகிறதா இறங்குகிறதா என்று அறிய, கண் பன்னிரண்டு கொத்துகளிலும் அதே நிறத்தைத் தேடித் தாவ வேண்டும். முதலாளிக்குத் தேவைப்பட்டதோ இந்த ஏற்ற இறக்கம்தான். அதற்குக் கோடுதான் சரி.

ஐந்து கோடுகளையும் ஒரே படத்தில் போட்டதும் வேறு சிக்கல் வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கு 400,000 ரிங்கிட்டைத் தாண்டுவதால் அச்சு 500,000 வரை நீண்டது. ஈப்போ ஜனவரியில் 80,000, ஜூனில் 55,000. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிவு, படத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மற்ற சிறிய வட்டாரங்களும் அடியில் பின்னிக் கிடந்தன.

ஆகவே வட்டாரத்துக்கு ஒரு சிறு படம் என்று பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகோல். அது வெவ்வேறு என்பதைத் தலைப்பிலேயே எழுதினேன். எழுதாவிட்டால் ஈப்போவும் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒரே உயரம் என்று பார்ப்பவர் நினைத்துவிடுவார். பட்டையின் நீளமே அதன் மதிப்பு என்பதால் அது பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். கோட்டில் நாம் படிப்பது ஏற்ற இறக்கத்தை. அதற்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எக்செல் ஒரு தொல்லை கொடுத்தது. டிசம்பர் கணக்கு இன்னும் வரவில்லை. சூத்திரம் `""` தந்த அறையை அது பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, எல்லாக் கோடுகளையும் தரைக்கு இழுத்தது. இப்படி மாற்றியதும் கோடு நவம்பரிலேயே நின்றது:

```
=IF(B13="",NA(),B13)
```

ஒவ்வொரு படத்திலும் 2023ஐ வெளிறிய கோடாகச் சேர்த்தேன். தீபாவளி 2023இல் நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. நவம்பரில் ஐந்து படங்களிலும் புதுக்கோடு பழையதற்குக் கீழே விழுந்திருந்தது. எல்லா இடத்திலும் ஒரே மாதத்தில் விழுந்தால் முதலில் நாட்காட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஈப்போவின் ஜூன் சரிவு அப்படியல்ல. அது அந்த ஒரு படத்தில் மட்டுமே இருந்தது. கூட்டத்தில் முதலாளி விரல் வைத்ததும் அங்கேதான்.

பட்டையை நான் கைவிடவில்லை. ஜனவரி முதல் நவம்பர் வரையிலான மொத்த விற்பனைக்கு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய ஐந்தே பட்டைகள் அதே தாளின் ஓரத்தில் இருக்கின்றன.